ஐந்து சதவீதம் ஏற்றினால் யார் விலகுவார்கள்?

ஒரு நிறுவனத்தின் சந்தைப் பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால், எந்தச் சந்தையில் என்று திருப்பிக் கேட்பதுதான் என் தொழில். போட்டிச் சட்ட வழக்குகளில் பொருளாதார அறிக்கை எழுதுகிறேன். சில வழக்கில் நிறுவனத்தின் பக்கம், சில வழக்கில் புகார் கொடுத்தவர் பக்கம். எந்தப் பக்கம் நின்றாலும் பாதிச் சண்டை அறிக்கையின் முதல் அத்தியாயத்திலேயே நடந்து முடிந்துவிடும். சந்தையின் எல்லையை எங்கே போடுகிறோம் என்பதுதான் அந்த அத்தியாயம்.

எல்லை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் படிக்கும் வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் செலோபேன் தயாரித்தது. நம் ஊரில் கண்ணாடித் தாள் என்போமே, அதுதான். அந்த நாட்டில் விற்ற செலோபேனில் ஏறத்தாழ 75 சதவீதம் டூபாண்டுடையது. அரசு ஏகபோக வழக்குப் போட்டது. டூபாண்ட் தரப்பு, ‘செலோபேனை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? மெழுகுத் தாள், கிளாசின் தாள், அலுமினியத் தாள், மற்ற பிளாஸ்டிக் படலங்கள் எல்லாமே பொருளைச் சுற்றத்தானே பயன்படுகின்றன’ என்று வாதாடியது. அவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் செலோபேனின் பங்கு 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். 1956-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் டூபாண்ட் சொன்னதை ஏற்றது. தீர்ப்பில் முக்கியமாகப் பேசப்பட்டது குறுக்கு நெகிழ்ச்சி: ஒரு பொருளின் விலை மாறும்போது இன்னொரு பொருளின் விற்பனை எவ்வளவு அசைகிறது என்ற அளவு. செலோபேன் விலை சற்று குறைந்தாலே மற்றத் தாள் வாங்குபவர்கள் பலர் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள் என்றால், இரண்டும் ஒரே சந்தையில் போட்டியிடுகின்றன என்பது நீதிமன்றத்தின் வாதம்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று நம்புகிறவன் நான். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், ஒரு சந்தையின் எல்லையை உட்கார்ந்து அளப்பது எப்படி என்று என் கையில் வந்த ஒரு வேலையை வைத்துச் சொல்ல வேண்டும். பெயர்களைத் தவிர்க்கிறேன். எண்களையும், வாசகர் மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கும்படி மாற்றி முழுமையாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

அதுவும் பொருளைச் சுற்றும் படலம் பற்றியதுதான். செலோபேன் இருந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது பி.ஓ.பி.பி. என்ற பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம். பிஸ்கட், சிப்ஸ், சோப்பு என்று கடையில் தொங்கும் பளபளப்பான உறைகளில் பெரும்பங்கு அதுதான். அதைத் தயாரிக்கும் இரண்டு நிறுவனங்கள் இணைய விரும்பின. அவர்கள் தரப்பு அறிக்கை, பி.ஓ.பி.பி.யும் பாலியஸ்டர் ஃபிலிமும் ஒன்றுக்கொன்று மாற்று, ஆகவே இரண்டையும் ஒரே சந்தையாக எடுக்க வேண்டும் என்றது. அப்படி எடுத்தால் இணைந்த நிறுவனத்தின் பங்கு பெரிதாகத் தெரியாது. பி.ஓ.பி.பி.யைத் தனியாகப் பார்த்தால் தெரியும். அந்த அறிக்கையைச் சரிபார்த்துப் பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது.

முதலில் பார்த்தது விலைப்பட்டியலை. அறிக்கையில் இரண்டு ஃபிலிமின் விலையும் கிலோ கணக்கில் இருந்தது. வியாபாரத்தில் கிலோவுக்குத்தான் விலை பேசுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் பிஸ்கட் பாக்கெட்டுக்கு எடை தேவையில்லை, பரப்பு தேவை. பி.ஓ.பி.பி.யின் அடர்த்தி ஏறத்தாழ 0.91, பாலியஸ்டருடையது 1.4. இருபது மைக்ரான் பி.ஓ.பி.பி. ஒரு சதுர மீட்டர் 18.2 கிராம் இருக்கும். அதே வேலைக்குப் பாலியஸ்டரில் 12 மைக்ரான் போட்டால் 16.8 கிராம்தான் வரும். பி.ஓ.பி.பி. கிலோ 120 ரூபாய், பாலியஸ்டர் 130 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவில் பார்த்தால் பாலியஸ்டர் எட்டு சதவீதம் கூடுதல். சதுர மீட்டரில் பார்த்தால் இரண்டும் 2 ரூபாய் 18 பைசா, துளி வித்தியாசம் இல்லை. எந்த அலகில் அளப்பது என்று முடிவு செய்யாமல் நெகிழ்ச்சியைக் கணக்கிட உட்கார்ந்தால், வாங்குபவர் கண்ணில் படாத ஒரு விலை வித்தியாசத்தை நாம் பிடித்துக்கொண்டு தொங்குவோம். ஆகவே எல்லாவற்றையும் சதுர மீட்டருக்கு மாற்றிக்கொண்டேன்.

அடுத்தது குறுக்கு நெகிழ்ச்சி. எதிர்த் தரப்பு அறிக்கை ஒரு வரைபடத்தைப் போட்டிருந்தது. பல ஆண்டு விலைகள், மாதவாரியாக. இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. விலைகள் இப்படி ஒட்டியே நகர்வது இரண்டும் ஒரே சந்தையில் இருப்பதைக் காட்டுகிறது என்பது அவர்கள் முடிவு. பார்க்க நம்பும்படிதான் இருக்கும். ஆனால் இரண்டு ஃபிலிமுக்கும் மூலப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் பாலிப்ரொப்பிலீனும் ஏறும், பாலியஸ்டர் சில்லும் ஏறும். இரண்டு கோடுகளையும் இழுத்துக்கொண்டு போனது எண்ணெய். வாங்குபவர் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனார் என்பதற்கு அந்த வரைபடத்தில் சாட்சியே கிடையாது. ஒன்றுக்கொன்று எந்த வகையிலும் மாற்றாக முடியாத இரண்டு பெட்ரோலியப் பொருள்களின் விலையை எடுத்து வரைந்தாலும் இதே படம்தான் வரும்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, ஒரு பொருளை மட்டும் தொட்டுவிட்டு மற்றதைத் தொடாமல் போன ஒரு நிகழ்ச்சியைத் தேடுவது. ஒரு ஆலை பழுதாகி நின்றிருக்கலாம். ஒரு மூலப்பொருளுக்கு மட்டும் இறக்குமதித் தீர்வை கூடியிருக்கலாம். நான் தேடிய இடத்தில் கிடைத்தது ஆலை நின்ற சம்பவம். ஒரு பெரிய பி.ஓ.பி.பி. உற்பத்தி வரிசை சில மாதம் ஓடவில்லை. அந்த மாதங்களில் பி.ஓ.பி.பி. விலை மட்டும் ஏறியது, எண்ணெய் விலை அசையவில்லை. அந்தச் சில மாத விற்பனைப் பட்டியல், பல ஆண்டு வரைபடத்தைவிட எனக்கு மதிப்பானது. ஃபிலிமை வாங்கி அச்சடித்து, அடுக்கொட்டி, பிஸ்கட் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் கன்வர்ட்டர்களிடமிருந்து வாடிக்கையாளர் வாரியாகக் கொள்முதல் கணக்கை வாங்கி, யார் எதிலிருந்து எதற்குப் போனார் என்று பார்த்தோம்.

கிடைத்ததைச் சுருக்கி இப்படி வைத்துக்கொள்வோம். மாதம் பி.ஓ.பி.பி. 1,000 லட்சம் சதுர மீட்டர் விற்கிறது, பாலியஸ்டர் 400 லட்சம். பி.ஓ.பி.பி. விலை ஐந்து சதவீதம் ஏறினால் அதிலிருந்து 40 லட்சம் சதுர மீட்டர் பாலியஸ்டருக்குப் போகிறது. பாலியஸ்டருக்கு அது பத்து சதவீத வளர்ச்சி. ஐந்து சதவீத விலையேற்றத்துக்குப் பத்து சதவீத விற்பனை உயர்வு, ஆக குறுக்கு நெகிழ்ச்சி 2. எதிர்த் தரப்புக்கு இந்த 2 என்ற எண் கிடைத்தால் திருவிழாதான். ‘இவ்வளவு பெரிய குறுக்கு நெகிழ்ச்சி இருக்கும்போது இரண்டும் தனிச் சந்தை என்று எப்படிச் சொல்வீர்கள்’ என்று கேட்பார்கள். கேட்டார்கள்.

இங்கேதான் சிறு விலையேற்றச் சோதனை வருகிறது. 1982-இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் தன் இணைப்பு வழிகாட்டுதல்களில் கொண்டுவந்த சோதனை இது. பிறகு ஐரோப்பாவும் மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. கேள்வி எளிது. பி.ஓ.பி.பி. தயாரிக்கும் எல்லா ஆலைகளும் ஒரே முதலாளியின் கையில் இருப்பதாகக் கற்பனை செய். அந்த முதலாளி விலையை ஐந்து சதவீதம் ஏற்றி, ஒரு வருடமாவது அப்படியே வைத்திருந்தால் அவருக்கு லாபமா? லாபம் என்றால், விலகிப் போகிறவர்கள் அவரைத் தடுக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே பி.ஓ.பி.பி. மட்டுமே ஒரு சந்தை. நஷ்டம் என்றால், வாடிக்கையாளர் ஓடிப்போன அடுத்த பொருளையும் அந்த முதலாளி கையில் கொடுத்துவிட்டு மறுபடி கேள். லாபம் என்ற பதில் வரும் வரை வட்டத்தை விரித்துக்கொண்டே போ.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் அந்த ‘எல்லா ஆலைகளும்’ என்பது. ஒரே ஒரு நிறுவனம் மட்டும் ஐந்து சதவீதம் ஏற்றினால் வாடிக்கையாளர் பக்கத்து நிறுவனத்தின் அதே ஃபிலிமை வாங்கிவிடுவார். அதைப் பார்த்து சந்தை பெரியது என்று சொல்ல முடியாது. அந்தப் பொருள் வகையையே விட்டு யார் வெளியேறுவார் என்பதுதான் கேள்வி.

ஐந்து சதவீத ஏற்றம் லாபமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். விலை 100 ரூபாய், அதில் ஒவ்வொரு அலகுக்கும் கூடுதலாக ஆகும் செலவு 75 ரூபாய், மிச்சம் 25 என்று வைத்துக்கொள்வோம். விலையை 105 ஆக்கினால் தங்கி வாங்கும் ஒவ்வொருவரிடமும் ஐந்து ரூபாய் அதிகம் கிடைக்கும். விலகும் ஒவ்வொருவரோடும் 25 ரூபாய் போய்விடும். நூறு பேரில் எத்தனை பேர் வரை விலகினால் கை கடிக்காது? ஐந்தை, ஐந்தும் இருபத்தைந்தும் சேர்ந்த முப்பதால் வகுத்தால் வரும் ஏறத்தாழ 16.7 சதவீதம்வரை. அதற்குக் கீழே இழப்பு இருந்தால் ஏற்றம் லாபம், மேலே போனால் நஷ்டம். இதை நாங்கள் தாங்கும் இழப்பு என்று பேசிக்கொள்வோம்.

இப்போது பி.ஓ.பி.பி. பக்கம் திரும்புவோம். ஐந்து சதவீத ஏற்றத்தில் பாலியஸ்டருக்குப் போனது 40 லட்சம். காகிதத்துக்கும் வேறு ஃபிலிமுக்கும் போனதும் மற்ற இழப்புமாக இன்னும் 20 லட்சம். மொத்தம் 60 லட்சம், ஆயிரத்தில் ஆறு சதவீதம். தாங்கும் இழப்பு 16.7 சதவீதம். ஏற்றம் நல்ல லாபம். பி.ஓ.பி.பி. தனிச் சந்தை, குறுக்கு நெகிழ்ச்சி 2 ஆகவே இருக்கட்டும்.

மறுபக்கம் பாருங்கள். பாலியஸ்டர் விலை ஐந்து சதவீதம் ஏறினால் அதே 40 லட்சம் சதுர மீட்டர் பி.ஓ.பி.பி.க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லட்சத்துக்கு அது நான்கு சதவீதம். குறுக்கு நெகிழ்ச்சி வெறும் 0.8. ஆனால் நானூறு லட்சம் விற்கும் பாலியஸ்டருக்கு 40 லட்சம் போவது பத்து சதவீத இழப்பு. மற்றப் பொருள்களுக்குப் போகும் 32 லட்சத்தையும் சேர்த்தால் பதினெட்டு சதவீதம். தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. பாலியஸ்டர் தனியாக நிற்க முடியாது, அதை வைத்து ஆரம்பித்தால் பி.ஓ.பி.பி.யையும் சேர்த்தாக வேண்டும்.

ஒரே 40 லட்சம் சதுர மீட்டர்தான் இரு பக்கமும் நகர்கிறது. குறுக்கு நெகிழ்ச்சி 2 என்று பெரிதாகத் தெரிந்த பக்கம் சந்தை தனியாக நிற்கிறது. 0.8 என்று சிறிதாகத் தெரிந்த பக்கம் நிற்கவில்லை. காரணம், குறுக்கு நெகிழ்ச்சி வாங்கிக்கொள்ளும் பொருளின் அளவைக் கொண்டு வகுக்கிறது. வாங்கிக்கொள்ளும் பொருள் சிறியதாக இருந்தால் எண் தானாகவே பெருத்துவிடும். விலையை ஏற்றலாமா என்று யோசிக்கும் முதலாளிக்கோ, தன் விற்பனையில் எத்தனை பங்கு போகிறது என்பதுதான் கவலை. அவருக்கு வேண்டியது தன் பொருளின் சொந்த நெகிழ்ச்சி. குறுக்கு நெகிழ்ச்சி, போகிறவர்கள் எந்தத் திசையில் போகிறார்கள் என்பதையும், வட்டத்தை விரிக்க நேர்ந்தால் முதலில் எதைச் சேர்ப்பது என்பதையும் சொல்லும். அதற்குமேல் அதைக் கேட்கக் கூடாது. சந்தையிலிருந்து எது வரை வெளியே, எது வரை உள்ளே என்று ஒரு மந்திர எண்ணைக் குறுக்கு நெகிழ்ச்சிக்கு வைத்துவிட முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இந்தச் சோதனை, எல்லை ஒரே திசையில்தான் அமைய வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. இணையும் நிறுவனங்கள் பி.ஓ.பி.பி. தயாரித்தன, ஆகவே பி.ஓ.பி.பி.யில் தொடங்கினோம். பாலியஸ்டர் தயாரிப்பாளர்கள் இருவர் இணைந்திருந்தால் இதே ஊரில், இதே ஃபிலிம்களை வைத்து, பெரிய சந்தை ஒன்றை வரைந்திருப்போம். கேட்பவர்களுக்கு இது முரண்பாடாகத் தோன்றும். விசாரணை அதிகாரிகளுக்கு நான் இதை விளக்கும்போது எப்போதும் மேலே உள்ள கணக்கைப் பலகையில் எழுதித்தான் விளக்குவேன்.

எண் மட்டும் போதுமா என்றால் போதாது. சில மாத விற்பனைப் பட்டியலை வைத்துக் கணித்த எண் எப்போதும் தள்ளாடும். மாறுவதற்கு நேரம் பிடிக்கிறதா என்பது ஆள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஓசூர்ப் பக்கம் ஒரு பிஸ்கட் ஆலையின் கொள்முதல் மேலாளரைப் பார்த்தேன். நல்ல அனுபவசாலி. “விலை ஐந்து சதவீதம் ஏறினால் பாலியஸ்டருக்கு மாறுவீங்களா சார்?” என்று கேட்டால், எந்தக் கொள்முதல்காரரும் மாறுவேன் என்றுதான் சொல்வார். ஃபிலிம் விற்பவரிடம் தினமும் சொல்லி மிரட்டும் வசனம் அது. அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. “போன தடவை பி.ஓ.பி.பி. ஏறினப்போ என்ன பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“மாறலை சார்” என்றார். “இருபது மைக்ரான் போட்டுட்டிருந்தோம், பதினெட்டுக்கு இறங்கினோம். பாலியஸ்டர்னா அப்படியே ஓட்ட முடியாது. அது சூட்டுல ஒட்டாது, பூச்சு போட்ட ரகம் வேணும். மெஷின் தாடை சூட்டையும் மாத்தணும். பிஸ்கட் நமுத்துப் போகாம எத்தனை நாள் இருக்குன்னு டெஸ்ட் போடணும், அது ஆகும் மாசக்கணக்குல. பிரிண்டிங்ல இழுவையும் வேற மாதிரி, கலர் ஒண்ணோட ஒண்ணு உட்காராது.”

அவர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு துண்டு ஃபிலிமை எடுத்துக் காட்டினார். கையால் இழுத்தால் பி.ஓ.பி.பி. கொஞ்சம் நீளும். பாலியஸ்டர் நீளாமல் விறைப்பாக நிற்கும். அச்சு இயந்திரத்தில் அந்த நீட்டிப்புக்கு ஏற்பத்தான் சிலிண்டருக்கும் இழுவைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபிலிமை விட்டு இன்னொன்றுக்குப் போக இதையெல்லாம் மறுபடி சரிசெய்ய வேண்டும். ஐந்து சதவீதத்துக்காக ஒருவர் அதைச் செய்வாரா என்பது அந்த மேசையில்தான் எனக்கு விளங்கியது. அவர் பதினெட்டு மைக்ரானுக்கு இறங்கியது குறுக்கு நெகிழ்ச்சியில் எங்குமே தெரியாது, ஏனென்றால் எந்தப் போட்டிப் பொருளும் அதனால் விற்கவில்லை. ஆனால் ஃபிலிம் முதலாளிக்கு அதுவும் இழப்புதான். சொந்த நெகிழ்ச்சியைக் கணிக்கும்போது அதையும் சதுர மீட்டராக ஈடுகட்டிச் சேர்த்துக்கொண்டோம்.

இன்னொரு வகை வாடிக்கையாளர் இருந்தார்கள். சிகரெட் பாக்கெட்டின் மேலுறை. அதிவேக இயந்திரத்தில் ஓடி, வெட்டி, மடித்து, இழுத்துக் கிழிக்கும் நாடாவோடு ஒட்ட வேண்டிய மெல்லிய படலம். அவர்கள் கணக்கில் ஆலை நின்ற மாதங்களிலும் ஒரு சதுர மீட்டர்கூட வேறு பொருளுக்குப் போகவில்லை. மொத்தச் சந்தையில் ஆறு சதவீதம் விலகலாம். ஆனால் இவர்களுக்கு மட்டும் தனி விலை சொல்ல முடியும் என்றால், மற்றவர்கள் விலகுவது இவர்களைக் காப்பாற்றாது. அப்போது இவர்களையே ஒரு தனிச் சந்தையாக வைத்துச் சோதனையை நடத்த வேண்டும். விற்பவருக்கு வாங்குபவர் யாரென்று தெரியுமா, ஒருவர் மலிவாக வாங்கி இன்னொருவருக்கு விற்க முடியுமா என்ற இரண்டையும் கேட்டுத்தான் அதை முடிவு செய்வோம். சிகரெட் படலத்துக்கு அகலமும் ரகமும் தனி. கைமாற்ற வழியில்லை. அறிக்கையில் அதற்கென்று தனி அத்தியாயம் எழுதினேன்.

இதை எழுதும்போது டூபாண்ட் வழக்குதான் மனதில் ஓடியது. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விவரம் இருக்கிறது. பல உணவுப் பொருள்களில் செலோபேன் பாதிக்கும் குறைவாகவே பயன்பட்டது. சிகரெட்டில் மட்டும் 75 முதல் 80 சதவீதம். நீதிமன்றம் அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டது. இன்றைய முறையில் ஒருவர் அங்கே நின்றிருப்பார்.

ஆனால் அந்தத் தீர்ப்பின் பெரிய தவறு வேறு இடத்தில் இருக்கிறது. சோதனையை எந்த விலையிலிருந்து தொடங்குகிறோம் என்பதில்.

ஓர் ஏகபோக முதலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியே இல்லாததால் விலையை ஏற்றி ஏற்றி, இனிமேல் ஏற்றினால் கை கடிக்கும் என்ற இடம்வரை போய் நிறுத்தியிருக்கிறார். அவருடைய மிச்சம் நூறுக்கு 45 என்று வைப்போம். ஐந்து சதவீதம் ஏற்ற அவர் தாங்கும் இழப்பு, ஐந்தை ஐம்பதால் வகுத்தால், பத்து சதவீதம். அதிக லாபம் தரும் இடத்தில் விலையை நிறுத்தியவரின் சொந்த நெகிழ்ச்சி, நூறை 45-ஆல் வகுத்தால் வரும் 2.2-ஐ ஒட்டி இருக்கும். இது பாடப்புத்தகக் கணக்கு. அப்படியென்றால் ஐந்து சதவீத ஏற்றத்துக்கு அவர் இழப்பது பதினொரு சதவீதம். பத்தைத் தாண்டிவிட்டது. சோதனை, ‘ஏற்றினால் நஷ்டம், மாற்றுப் பொருள்கள் இருக்கின்றன, சந்தை பெரியது’ என்று சொல்லும். மிச்சத்தை எந்த எண்ணாக மாற்றிப் போட்டாலும் பதில் மாறாது, ஏனென்றால் லாபம் உச்சத்தைத் தொட்ட இடத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் லாபம் குறையத்தான் செய்யும். முழுமையான ஏகபோகமே இந்தச் சோதனையில் நிரபராதியாக வெளியே வந்துவிடும். எங்கள் துறையில் இதற்கு செலோபேன் பிழை என்றே பெயர்.

டூபாண்ட் அப்படித்தான் இருந்ததா? மறுப்புத் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி எர்ல் வாரன் விலை வரலாற்றை எடுத்து வைத்தார். 1929-இல் செலோபேன் விலை கிளாசினைப்போல் ஏழு மடங்கு. 1934-இல் நான்கு மடங்கு. 1949-இலும் இரண்டு மடங்குக்கு மேல். 1924-இலிருந்து 1932-க்குள் டூபாண்ட் சாதாரண செலோபேனின் விலையை 84 சதவீதம் குறைத்தது. அந்தக் காலம் முழுக்கக் கிளாசின் விலை அசையாமல் அப்படியே நின்றது.

இந்த ஒரு விவரத்தின் முன்னால் நான் நீண்ட நேரம் நின்றதுண்டு. இரண்டும் நெருங்கிய மாற்றாக இருந்திருந்தால், ஒன்று 84 சதவீதம் மலிவாகும்போது மற்றதை விற்பவர் தூங்கியிருப்பாரா? வாடிக்கையாளர் கூட்டமாகப் போவதைப் பார்த்து விலையைக் குறைத்தே ஆகவேண்டும். கிளாசின்காரர்கள் குறைக்கவில்லை. செலோபேன் மலிவாவதால் தங்களுக்கு ஆபத்தில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிகழ்காலத்தில் எடுத்த ஒரு நெகிழ்ச்சி எண்ணைவிட இந்தப் பழைய விலைப்பட்டியல் அதிகம் பேசுகிறது. 1955-லேயே ஸ்டாக்கிங், முல்லர் என்ற இரு பொருளியலாளர்கள் இந்த வழக்கைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்கள். இந்தத் துறையில் வேலைக்குச் சேரும் யாருக்கும் நான் முதலில் கொடுக்கும் வாசிப்பு அது.

இணைப்பு வழக்கில் இந்தப் பிழை பெரிதாகக் கடிக்காது. அங்கே கேள்வி, இன்றைய விலையிலிருந்து இனிமேல் ஏறுமா என்பது. ஆகவே இன்றைய விலையிலிருந்து ஐந்து சதவீதம் என்று தொடங்குவது சரி. ஓசூர் மேலாளர் கொடுத்த பதிலும் அதற்குப் போதும். ஒருவர் ஏற்கனவே தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்ற புகாரில்தான் கத்தி திரும்புகிறது. இன்றைய விலை ஏற்கனவே வீங்கிய விலையாக இருக்கலாம். போட்டி இருந்திருந்தால் என்ன விலை இருந்திருக்கும் என்று தெரிந்தால் அங்கிருந்து தொடங்கலாம். அது தெரிந்துவிட்டால் வழக்கே பாதி முடிந்தது, சந்தை எல்லைக்குத் தேவையே குறைவு. நடைமுறையில் நான் செய்வது, போட்டி அதிகமாக இருக்கும் இடத்தையும் குறைவாக இருக்கும் இடத்தையும் பக்கத்தில் வைத்து விலையை ஒப்பிடுவது.

அந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1997-இல் அமெரிக்காவில் நடந்த ஸ்டேபிள்ஸ் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்டேபிள்ஸ், ஆபீஸ் டிப்போ என்ற இரண்டு பெரிய எழுதுபொருள் கடைத் தொடர்கள் இணைய முயன்றன. பேனாவும் காகிதமும் எங்கும் கிடைக்கும், எல்லா விற்பனையையும் எடுத்துக்கொண்டால் இருவருக்கும் சேர்ந்து ஐந்தரை சதவீதம்தான் என்பது அவர்கள் வாதம். அமெரிக்க வர்த்தக ஆணையம் ஊர் ஊராக விலையை எடுத்து வைத்தது. இத்தகைய பெருங்கடைத் தொடர்கள் மூன்று இருக்கும் ஊர்களைவிட ஸ்டேபிள்ஸ் மட்டும் இருக்கும் ஊர்களில் அதன் விலை 13 சதவீதம் அதிகம். அந்த ஊர்களிலும் தெருமுனைக் கடைகளும் பெரிய அங்காடிகளும் இருக்கவே செய்தன, அவை ஸ்டேபிள்ஸைத் தடுக்கவில்லை. ஐந்து சதவீத ஏற்றம் லாபமா என்று கற்பனையில் கேட்கவே வேண்டாம், கடைக்காரரே ஏற்றிக் காட்டியிருந்தார். நீதிமன்றம் இணைப்பைத் தடுத்தது.

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் பொருளின் தன்மை, விலை, பயன்பாடு ஆகியவற்றை வைத்து, வாங்குபவர் எதை எதற்கு மாற்றாகக் கருதுகிறார் என்று பார்க்கச் சொல்கிறது. ஐந்து சதவீதம் என்ற எண் சட்டத்தில் கிடையாது. ஆனால் போட்டி ஆணையம் அந்தப் பாணியில் யோசிக்கிறது. 2011-இல் டி.எல்.எஃப். வழக்கில், குருகிராமில் உயர்தர அடுக்குமாடி வீட்டின் விலை ஐந்து சதவீதம் ஏறினால் வாங்க வந்தவர் காசியாபாத்துக்கோ ஃபரீதாபாத்துக்கோ மாறிவிட மாட்டார் என்று சொல்லித்தான் ஆணையம் அந்த ஊரையே தனிச் சந்தையாக எடுத்தது. நெகிழ்ச்சிக் கணக்கு எதுவும் போடாமல், வாங்குபவரின் நிலையில் நின்று கேட்ட கேள்வி அது. வீட்டைப் பொறுத்தவரை எனக்கு அது போதும் என்றே படுகிறது. படலத்தைப் போல மாதாமாதம் வாங்கும் சரக்காக இருந்தால் கணக்கையும் கேட்டிருப்பேன்.

அதே ஆண்டு வந்த தேசியப் பங்குச் சந்தை வழக்கில் சோதனைக்கே இடமில்லாமல் போனது. நாணய வழிப்பொருள் வணிகத்துக்கு அது கட்டணமே வாங்கவில்லை. போட்டிப் பங்குச் சந்தை ஒன்று, இலவசமாகக் கொடுத்துத் தங்களை ஒழிக்கப் பார்க்கிறது என்று புகார் கொடுத்தது. பூஜ்யத்தின் ஐந்து சதவீதம் பூஜ்யம். ஏற்றிப் பார்க்க விலை இல்லாதபோது, அந்த வணிகத்தின் தன்மை என்ன, அதில் ஈடுபடுகிறவர்கள் யார், பங்கு வர்த்தகத்தில் இருப்பவர் நாணயத்துக்கு எதற்காக வருகிறார் என்று பண்பு சார்ந்த சான்றுகளைத்தான் தேட வேண்டும். இலவசச் செயலிகள் தொடர்பான வேலைகள் இப்போது எங்கள் மேசைக்கு அதிகம் வருகின்றன. அவற்றில் விலைக்குப் பதிலாகத் தரத்தைக் கொஞ்சம் குறைத்தால், விளம்பரத்தைக் கொஞ்சம் கூட்டினால் யார் விலகுவார் என்று கேட்கிறோம். விளம்பரம் ஐந்து சதவீதம் கூடியதென்று எதை வைத்து அளப்பது, நொடியை வைத்தா, எண்ணிக்கையை வைத்தா என்ற அலகுச் சண்டை அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.